பந்து தரையைத் தொடவே இல்லை: காற்றுத்தடைக்கு ஒரு முதல்வரிசைத் திருத்தம்

மகளின் பள்ளிச் செய்முறைக்காகத் தொடங்கிய வேலை இது. உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, விழும் நேரத்தை அளந்து, g கண்டுபிடிக்க வேண்டும். அரை நாளில் முடியும் என்று நினைத்தேன். மூன்று வார இறுதிகள் போயின, ஒரு நோட்டின் பாதியும் போயிற்று. நடுவில் ஒரு தப்பான வழியில் போய், விடை சரியாக வந்துவிட்டதே என்று திருப்தியாகவும் இருந்தேன். அதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும்.

பந்தைப் போட்ட இடம் மாடிப்படிகளின் நடுவே இருக்கும் திறந்த இடைவெளி. டேப் வைத்து மூன்று தடவை அளந்ததில் கைப்பிடியிலிருந்து தரைவரை 9.60 மீட்டர், ஒரு சென்டிமீட்டர் முன்பின். பந்து பழைய டென்னிஸ் பந்து. சமையலறைத் தராசில் 58 கிராம். நூலைச் சுற்றி அளந்து கணக்கிட்டால் விட்டம் 6.6 செ.மீ. கையால் விட்டால் எந்த நொடியில் விட்டோம் என்று தெரியாது என்பதால், பந்தில் ஒரு நூலை டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினோம். வெட்டும் 'கிளிக்' சத்தம் தொடக்கம், தரையில் மோதும் 'டப்' முடிவு. போனில் ஒலிப்பதிவு செய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கி இரண்டு முனைகளுக்கும் இடையே அளந்தால் நேரம் கிடைத்துவிடும். கத்தரிக்கோல் சத்தம் ஒரே கோடாக இருக்காது, கொத்தாக இருக்கும். அந்தக் கொத்தின் கடைசி முனையை எடுப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

முதல் நாள் போன் தரையில் இருந்தது. சராசரி 1.417 நொடி. g = 2h/t² என்று போட்டால் 9.56. "அப்பா, கிட்டத்தட்ட வந்துடுச்சு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரவு படுத்த பிறகுதான் உறைத்தது: 'கிளிக்' மேலிருந்து கீழே வர ஒலிக்கு நேரம் ஆகிறது. 9.6 மீட்டருக்கு ஏறக்குறைய 0.028 நொடி. 'டப்' சத்தமோ போனுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது. ஆக, நாங்கள் அளந்த நேரம் உண்மையை விட 0.028 நொடி குறைவு.

மறு வாரம் போனை நடுப்படியில், 4.8 மீட்டர் உயரத்தில் வைத்தோம். இரண்டு சத்தமும் ஒரே தூரம் வருவதால் தாமதம் தானாகவே கழிந்துவிடும். ஒன்பது தடவை போட்டோம். 1.438 முதல் 1.452 வரை வந்தது, சராசரி 1.445 நொடி. இப்போது g = 9.20.

ஒரு பிழையைத் திருத்தியதும் விடை இன்னும் தள்ளிப் போய்விட்டது! ஒலியின் தாமதம், காற்றுத்தடையின் பாதிப்பைப் பாதிக்கு மேல் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. வெற்றிடத்தில் 9.60 மீட்டர் விழ √(2h/g) = 1.400 நொடி போதும். எங்கள் பந்து 0.045 நொடி கூடுதலாக எடுத்திருக்கிறது. அந்த 0.045-ஐக் காற்றின் கணக்கில் எழுத முடிகிறதா என்று பார்ப்பதுதான் மீதி வேலை.

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. சமன்பாடு:

y'' = g − k (y')²

y என்பது விழுந்த தூரம். k = ρ·C·A/(2m). ρ காற்றின் அடர்த்தி, C இழுவைக் குணகம், A பந்தின் குறுக்குவெட்டுப் பரப்பு, m நிறை. ρ = 1.2, பஞ்சு வைத்த பந்து என்பதால் C = 0.55 என்று எடுத்தேன். k = 0.0195 வந்தது.

இங்கேயே முதல் தடுமாற்றம். 0.0195 சின்ன எண்தானே, இதையே சிறு அளவுருவாக வைத்துக்கொண்டு தொடரை விரிக்கலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். ஒரு பக்கம் எழுதிய பிறகு அலகைப் பார்த்தேன். k-யின் அலகு 1/மீட்டர். சென்டிமீட்டரில் எழுதினால் 0.000195, கிலோமீட்டரில் எழுதினால் 19.5. அலகை மாற்றினால் சின்னதும் பெரியதுமாக ஆகிற ஒன்றைச் 'சிறியது' என்று எப்படிச் சொல்வது? எழுதிய பக்கத்தை அடித்துவிட்டு, தூரத்தை h-ஆலும் நேரத்தை √(h/g)-ஆலும் வகுத்து, வந்தவற்றுக்கு Y, τ என்று பெயர் வைத்து மறுபடி எழுதினேன். எங்கள் அளவில் √(h/g) = 0.990 நொடி.

Y'' = 1 − ε (Y')²,  Y(0) = 0,  Y'(0) = 0,  ε = k·h

இப்போது g நேரத்தின் அளவுகோலுக்குள் போய்விட்டது, சமன்பாட்டில் h, k இரண்டும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டன. ε = 0.0195 × 9.60 = 0.187. இது உண்மையிலேயே சிறியதா என்று கேட்கலாம். பந்து தரையை நெருங்கும்போது காற்றுத்தடை எடையில் எத்தனை பங்கு என்பதன் அளவு ஏறக்குறைய 2ε, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அவ்வளவு சின்னது இல்லைதான். ஆனால் அது தரையைத் தொடும் கணத்தில் மட்டும். பாதி நேரத்தில் அதில் கால் பங்கு தடைதான் இருக்கும்.

ε, இரண்டாம் வகைக்கெழுவின் மேல் உட்காரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். ε = 0 என்று வைத்தாலும் சமன்பாடு இரண்டாம் வரிசையாகவே இருக்கிறது, இரண்டு தொடக்க நிபந்தனைகளும் பொருந்துகின்றன. அதனால் இது சாதாரணமான, சீரான பெர்டர்பேஷன்: தெரிந்த விடையில் தொடங்கிச் சிறு திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். அந்த ஒரு சரிபார்ப்புக்கு மேல் கோட்பாட்டுக்குள் போகவில்லை.

Y = Y₀ + ε·Y₁ என்று போட்டு, ε இல்லாத உறுப்புகளைத் தனியாகவும் ε உள்ளவற்றைத் தனியாகவும் பிரித்தால்:

Y₀'' = 1
Y₁'' = −(Y₀')²

முதலாவது, தொடக்க நிபந்தனைகளோடு, Y₀ = τ²/2. நமக்குத் தெரிந்த பழைய சூத்திரமே. அதிலிருந்து Y₀' = τ. இரண்டாவது Y₁'' = −τ² ஆகிவிடுகிறது. இரண்டு தடவை தொகையிட்டால் Y₁ = −τ⁴/12. இந்த முறையில் எனக்குப் பிடித்தது இதுதான்: வர்க்கம் இருந்ததால் கடினமாக இருந்த சமன்பாடு, வெறும் தொகையிடலாக இறங்கிவந்துவிட்டது. Y₁-க்கும் தொடக்க மதிப்பு பூஜ்யம், தொடக்க வேகமும் பூஜ்யம். நான் முதலில் Y₁-ன் தொடக்க வேகத்தை எழுத மறந்து, ஒரு மாறிலியை இழுத்துக்கொண்டே போனேன். உண்மையான நிபந்தனை முழுவதையும் Y₀ ஏற்றுக்கொண்டாயிற்று என்றால், திருத்தத்துக்குப் பூஜ்யம்தான் மிச்சம்.

Y ≈ τ²/2 − ε·τ⁴/12

இப்போது தரையைத் தொடும் நேரம் வேண்டும். Y = 1 என்று வைக்க வேண்டும். τ² = u என்று எழுதினால் இது இருபடிச் சமன்பாடு. பத்தாம் வகுப்புச் சூத்திரம் கையில் இருக்கும்போது எதற்கு யோசிக்க வேண்டும்? போட்டேன். u = 2.143, τ = 1.464, நொடியில் 1.449. நாங்கள் அளந்தது 1.445. அளவீட்டின் பிழையே 0.005 இருக்கும். சரி, பொருந்திவிட்டது என்று நோட்டை மூடினேன். மகளிடம் காட்டினேன், அவளும் எழுதிக்கொண்டாள்.

மூடியிருக்கலாம். ஆனால் திருத்தம் பெரிதாகத் தெரிகிற மாதிரி இன்னொரு பந்தையும் போட்டுப் பார்க்கலாம் என்று அவள் கேட்டாள். டேபிள் டென்னிஸ் பந்து எடுத்தோம். விட்டம் 4 செ.மீ. எங்கள் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஆறு பந்துகளை ஒன்றாக வைத்ததில் 16 கிராம், ஆக ஒன்று 2.7 கிராம் அளவு. வழவழப்பான கோளத்துக்கு C = 0.47. k = 0.131, ε = 1.26. ஒன்றை விடப் பெரிய 'சிறு' அளவுரு. விடை கொஞ்சம் மோசமாக வரும் என்று எதிர்பார்த்தேன்.

மோசமாக வரவில்லை, விடையே வரவில்லை. இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் 1/4 − ε/3 இருக்கிறது. ε = 1.26 என்றால் அது 0.25 − 0.42. குறை எண். மெய் மூலம் கிடையாது. என் கணக்கின்படி பந்து தரையைத் தொடவே தொடாது. வரைந்து பார்த்தேன்: τ²/2 − ε·τ⁴/12 என்ற வளைவு 1.53-ஆவது நொடியில் 5.7 மீட்டர் ஆழத்தில் உச்சம் தொட்டுத் திரும்பிவிடுகிறது. பந்து பாதிவழியில் நின்று மேலே கிளம்பிவிடுகிறது! உண்மையான பந்து அந்த நேரத்தில் எட்டு மீட்டருக்கு மேல் விழுந்திருக்கும்.

ε > 0.75 என்றாலே இந்தச் சூத்திரம் படுத்துவிடும். அதைக் கண்டதும் டென்னிஸ் பந்து விடைமேலும் சந்தேகம் வந்தது. ஆனால் எங்கே தப்பு? Y₁-ஐ மூன்று தடவை சரிபார்த்தேன். வகைக்கெழு எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

தப்பு, இருபடிச் சமன்பாட்டை 'முழுசாக'த் தீர்த்ததில் இருந்தது. Y-ஐ ε-யின் முதல் படிவரை மட்டும் வைத்துக்கொண்டேன். ε² உள்ள உறுப்புகள் என்னிடம் இல்லை. ஆனால் இருபடிச் சூத்திரம் கொடுக்கும் u-வை விரித்துப் பார்த்தால் அதில் ε², ε³ எல்லாம் வருகின்றன. இல்லாத தகவலிலிருந்து வந்த ε² அது, சரியான ε² அல்ல. தூரத்தைத் தோராயமாக வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் துல்லியமாகத் தீர்ப்பதில் அர்த்தம் கிடையாது. நேரத்தையும் அதே வரிசையில் விரித்திருக்க வேண்டும்.

τ = τ₀ + ε·τ₁ என்று போட்டேன். ε இல்லாத பகுதியில் τ₀²/2 = 1, அதனால் τ₀ = √2. ε உள்ள பகுதியில் τ₀·τ₁ − τ₀⁴/12 = 0, அதனால் τ₁ = τ₀³/12 = √2/6. ஆக:

t = √(2h/g) · (1 + kh/6)

ஒரே வரி. இருபடியும் வேண்டாம், மூலமும் வேண்டாம். டென்னிஸ் பந்துக்கு 1.400 × (1 + 0.0312) = 1.444 நொடி.

இந்த 1/6 சரிதானா என்று கணக்கு இல்லாமலே பார்க்க ஒரு வழி கிடைத்தது. வெற்றிடத்தில் தரையைத் தொடும் அந்த 1.400-ஆவது நொடியில் காற்றில் விழும் பந்து எங்கே இருக்கும்? Y(√2) = 1 − ε/3 = 0.938. அதாவது இன்னும் 60 செ.மீ. மிச்சம். அந்த நேரத்தில் காற்றுத்தடையைச் சேர்க்காத வேகம் ஏறக்குறைய 13.7 மீ/நொடி. 0.60 ÷ 13.7 = 0.044 நொடி. சூத்திரம் சொல்லும் கூடுதல் நேரமும் அதுவே. இந்தப் படம் மனதில் வந்த பிறகு τ₁ எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்குக் குழப்பம் வரவில்லை: தூரத்தில் உள்ள குறையைத் திருத்தமில்லாத வேகத்தால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தச் சமன்பாட்டுக்குத் துல்லியமான தீர்வும் இருக்கிறது: Y = ln(cosh(√ε·τ))/ε. அதனால் மேலே உள்ளதைச் சரிபார்க்க வேறு எதுவும் தேவைப்படவில்லை. கணினியில் நாலே வரி. வெற்றிட நேரத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும்:

```python
from math import acosh, exp, sqrt
for e in (0.187, 1.26):
    exact = acosh(exp(e)) / sqrt(2*e)
    print(e, 1 + e/6, exact)
```

டென்னிஸ் பந்துக்குத் துல்லிய விடை 1.0314, முதல்வரிசை 1.0312. நொடியில் 0.0004 வித்தியாசம். நான் பெருமையாக மூடிவைத்த இருபடி விடை 0.005 நொடி தள்ளி இருந்தது, பத்து மடங்குக்கு மேல். ஆனால் என் அளவீட்டின் பிழையும் அதே 0.005 என்பதால், சோதனை எனக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

டேபிள் டென்னிஸ் பந்துக்கு வந்தது இன்னும் ஆச்சரியம். ε = 1.26 ஆக இருந்தும் முதல்வரிசை 1.21, துல்லியம் 1.217. நொடியில் 1.694, 1.704. ஒரு நூறில் ஒரு பங்கு நொடிதான் வித்தியாசம்! துல்லியத் தீர்வை அடுத்த படிவரை விரித்தால் காரணம் தெரிகிறது: 1 + ε/6 + ε²/120. அந்த 120 தான் காப்பாற்றுகிறது. தூரத்தின் தொடருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது √ε·τ என்பது π/2-க்குக் கீழே இருக்கும்வரைதான் ஒருங்கும். இந்தப் பந்து தரையைத் தொடும்போது அந்த எண் 1.93. அங்கே இன்னும் பத்து உறுப்புகள் சேர்த்தாலும் உருப்படாது. நேரத்தின் தொடரோ ε = π வரை தாங்கும். ஒரே சமன்பாடு, ஒரே ε. எந்த அளவை விரிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று உடைகிறது, மற்றது நிற்கிறது.

ε ஒன்றைத் தாண்டினாலும் பரவாயில்லை என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். துல்லியத் தீர்வு கையில் இருந்ததால்தான் எனக்கே தெரிந்தது. அது இல்லாத சமன்பாட்டில் இரண்டாம் உறுப்பையாவது கணக்கிட்டு, முதல் திருத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

பிறகு டேபிள் டென்னிஸ் பந்தையும் போட்டோம். ஆறு தடவையில் சராசரி 1.69 நொடி. துல்லியத் தீர்வு 1.704 என்கிறது, சோதனை அதைவிடக் குறைவு. முதல்வரிசைத் தோராயம் 1.694-ஓடு பொருந்தியதைப் பார்த்து ஒரு கணம் மகிழ்ந்தேன். தோராயம் உண்மையை விட நன்றாகப் பொருந்துகிறது என்றால் எங்கோ தவறு இருக்க வேண்டும். நூலை ஒட்டிய டேப்! அதே அளவில் இருபது துண்டு வெட்டி நிறுத்தால் 3 கிராம். ஒரு துண்டு 0.15 கிராம். டென்னிஸ் பந்துக்கு அது ஒன்றுமே இல்லை, 2.7 கிராம் பந்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல். அதைச் சேர்த்தால் ε = 1.19, துல்லிய நேரம் 1.688. இப்போது சரி.

முதலில் வேண்டியது g தானே. டென்னிஸ் பந்தின் 9.20-ஐ (1 + ε/6)² ஆல் பெருக்கினால் 9.78. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் C-யை 0.55 என்று நான் ஊகித்தேன். 0.50 அல்லது 0.60 என்று எடுத்திருந்தால் g 0.05-க்கு மேல் நகர்ந்திருக்கும். நேரத்தின் பிழை இன்னொரு 0.07. மகளின் நோட்டில் 9.78 ± 0.09 என்று எழுதச் சொன்னேன். "9.8-னே வந்துடுச்சே, எதுக்குப்பா இவ்வளவு பிழை போடணும்?" என்றாள். C எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். போட்டுக்கொண்டாள்.

அடுத்த தடவை C-யை ஊகிக்க மாட்டேன். சூத்திரத்தை வர்க்கப்படுத்தினால் t²/(2h) = (1/g)(1 + kh/3). நான்கைந்து உயரங்களிலிருந்து போட்டு, t²/(2h)-ஐ h-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோடு h = 0-இல் வெட்டும் இடம் 1/g, சாய்விலிருந்து k. இரண்டும் ஒரே சோதனையிலிருந்து வந்துவிடும். உயரம் குறையக் குறைய நேரத்தின் பிழை அதிகம் உறுத்தும் என்பதால் மூன்று மீட்டருக்குக் கீழே போக மாட்டேன். ஒவ்வொரு உயரத்துக்கும் போனை நடு உயரத்துக்கு நகர்த்த வேண்டும், அது மறக்கக்கூடிய விஷயம். டேப்புக்குப் பதிலாக ஒரு சொட்டுப் பசை. நான்கரை மீட்டர் உயரத்தில் ஒரு படி வாட்டமாக இருக்கிறது. அங்கிருந்து டென்னிஸ் பந்து 0.972 நொடியில் விழ வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறேன்.